தேதி இருந்தும் கெட்டவை: ஜார்ஜ் டவுன் வீடொன்றில் முதலுதவிப் பெட்டியின் மாதச் சோதனை

வீடு பினாங்கின் ஜார்ஜ் டவுனில், ஐந்தாவது மாடி. இருப்பவர்கள் நால்வர்: கணவன், மனைவி, இருபது கிலோ எடையுள்ள ஆறு வயதுப் பையன், எழுபதைத் தாண்டிய பாட்டி. பெட்டி சாதாரண மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. சமையலறையில் அடுப்புக்கு மேலிருக்கும் கேபினட்டில் இருந்தது. இது 2026 மார்ச் மாதச் சோதனையின் பதிவு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெளியே எடுத்துப் போட்டவற்றில் தேதி முடிந்தவை இரண்டுதான்: 12/2025 என்று அச்சிட்ட ஒரு கிருமிநாசினிக் களிம்பு, 02/2026 என்று அச்சிட்ட ஓர் அட்டை ஒவ்வாமை மாத்திரை. மீதி எல்லாம் தேதி இருக்கும்போதே கெட்டவை, அல்லது தேதியே இல்லாதவை. நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் தேதியை மட்டும் பார்த்துப் பெட்டியை மூடினால் சோதனை பாதிதான் முடிந்திருக்கும். பொருளைக் கையில் எடுத்து அழுத்தியும் இழுத்தும் ஒட்டியும் பார்க்க வேண்டும்.

இடம்

பெட்டியைத் திறக்கும் முன்பே ஒரு தவறு கண்ணில் பட்டது. மருந்து உறைகளில் பெரும்பாலும் "30°C-க்குக் கீழே வைக்கவும்" என்று இருக்கும். மலேசியா உள்ளிட்ட ஆசியான் நாடுகளில் மருந்தின் ஆயுளைக் கணக்கிடும் நீண்டகாலச் சோதனை 30 பாகை வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் நடக்கிறது. உறையில் உள்ள தேதி அந்த நிலைமைக்கு உரியது. அடுப்புக்கு மேலே இருக்கும் கேபினட் தினமும் இரண்டு வேளை அதைத் தாண்டும். சோறு பொங்கும் ஆவியும் அங்கேதான் ஏறும். குளியலறை அலமாரியும் இதே கதைதான். காரின் பின்பெட்டி அதைவிட மோசம்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் என்ன என்று பலர் கேட்பார்கள். "2 முதல் 8 பாகை" என்று உறையில் சொல்லாத எதையும் அங்கே வைக்கத் தேவையில்லை. வெளியே எடுக்கும்போதெல்லாம் உறையின் மேல் நீர் கோர்க்கும், காகித உறை நனையும். இந்தப் பெட்டி படுக்கையறை அலமாரியின் நடுத் தட்டுக்குப் போனது: வெயில் படாத சுவர், பெரியவர்களின் கைக்கு எட்டும் உயரம், பையனுக்கு எட்டாத உயரம். பெட்டியையும் மாற்றியாயிற்று. மூடியில் ரப்பர் வளையம் உள்ள, நான்கு பக்கமும் பூட்டும் உணவுப் பெட்டி போதும். ஒளி ஊடுருவும் பெட்டியாக இருந்தால் உள்ளே இருப்பது தெரியும்.

அதற்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டன என்று பொருள். அந்த மாதமே மாற்ற வேண்டும். மணிகளைக் கொட்டி வைக்கக் கூடாது. தைத்த பொட்டலமாகவே, மேலே "மருந்தல்ல" என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பாட்டியின் கண்ணுக்கு அதுவும் ஒரு மருந்துப் பொட்டலம் போலத்தான் தெரியும்.

தேதியைப் படிப்பது

கையைக் கழுவி, மேசையைத் துடைத்து உலர்த்தி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பிவிட வேண்டும். பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பது சோதனை ஆகாது. அடியில் கிடப்பதுதான் எப்போதும் பழையது.

EXP என்று இருப்பதே காலாவதித் தேதி. மலாயில் Tarikh Luput. MFG என்பது தயாரித்த தேதி. அவசரத்தில் இதை அதுவென்று படித்து நல்ல பொருளைத் தூக்கிப் போடுவோரும் உண்டு. மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை பயன்படுத்தலாம். ஒவ்வொன்றிலும் தேதியை மார்க்கரால் பெரிதாக, பெட்டியில் வைக்கும்போது மேலே தெரியும் பக்கத்தில் திரும்ப எழுதிவிடுங்கள். அடுத்த மாதம் பாதி வேலை மிச்சம்.

மாத்திரை அட்டையில் தேதி ஒரு முனையில் மட்டுமே அழுத்தியிருக்கும். நாம் இரண்டிரண்டாகக் கத்தரிப்பது பெரும்பாலும் அந்த முனையிலிருந்துதான். பிறகு மிஞ்சும் துண்டுக்கு வயது தெரியாது. இந்தப் பெட்டியில் அப்படி இரண்டு துண்டுகள் கிடந்தன. இரண்டும் நல்ல மாத்திரைகளாகவே இருந்திருக்கலாம், ஆனால் அதை நிரூபிக்க வழியில்லை; குப்பைக்குத்தான். இனிமேல் தேதி இல்லாத முனையிலிருந்து எடுப்பது, அட்டையைத் தாள்பெட்டியிலிருந்து பிரிக்காமல் இருப்பது, இவ்விரண்டும் வீட்டுச் சட்டம்.

அடுத்தது கிளினிக் பொட்டலங்கள். நம் நாட்டில் தனியார் கிளினிக்குகள் மருந்தை அங்கேயே சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருகின்றன. பையின் மேல் நோயாளி பெயர், எத்தனை வேளை என்பதெல்லாம் இருக்கும். காலாவதித் தேதி பெரும்பாலும் இருக்காது. பெரிய டப்பாவிலிருந்து எண்ணிப் போட்ட மாத்திரைக்கு, முதல் உறை தந்த பாதுகாப்பும் போய்விட்டது. அந்த நோய் தீர்ந்ததும் மிச்சத்தை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே சரி. இந்தப் பெட்டியில் ஐந்து பொட்டலங்கள் இருந்தன, அதில் ஒன்று முடிக்காத ஆன்டிபயாட்டிக். அடுத்த தொண்டைவலிக்கு ஆகட்டுமே என்று வைப்பதற்கு அது மிளகு ரசப்பொடி இல்லை. எந்தக் கிருமிக்கு எத்தனை நாளுக்கு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது அது.

ஒட்டுவதும் கட்டுவதும்

பிளாஸ்டர் டப்பாவில் 2028 என்று இருந்தது. ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் மாதம் ஒன்றைப் பலி கொடுத்துச் சோதிக்க வேண்டும். உலர்ந்த முன்கையின் உள்பக்கம் ஒட்டி, பத்து நிமிடம் விட்டு, கையைச் சாதாரணமாகக் கழுவிப் பாருங்கள். இந்தப் பெட்டியில் இருந்த பிளாஸ்டர் கழுவும்போதே ஓரம் எழும்பி வந்துவிட்டது. காரணம் காகிதத்தை உரிக்கும்போதே தெரிந்தது: பசை இளகி உறையின் ஓரத்துக்கு வழிந்து மஞ்சளாகியிருந்தது. வெப்பத்தில் பசை ஓடும், பட்டையில் மெலிந்துவிடும். சிலவற்றில் காகித உறையே ஓரத்தில் பிரிந்திருந்தது; அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் பஞ்சுத் திட்டு சுத்தமானது என்று சொல்ல முடியாது. டப்பா முழுதும் போனது. வியர்க்கும் ஊருக்குத் துணிப் பிளாஸ்டர் நன்றாகப் பிடிக்கும்.

பாட்டிக்கு இது பொருந்தாது. வயதானவர்களின் தோல் மெல்லியது. நன்றாக ஒட்டும் பிளாஸ்டரை உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும், சிறு கீறல் பெரிய காயமாகும். அவருக்காக, காயத்தில் ஒட்டாத டிரெஸ்ஸிங் நான்கும், அதைச் சுற்றிக் கட்ட 7.5 சென்டிமீட்டர் அகலச் சுருள் துணியும் தனிப் பையில் போட்டு, மேலே "பாட்டி" என்று எழுதியாயிற்று.

ஸ்டெரைல் காஸ் துணி உறைகளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். உறையின் நான்கு ஓர ஒட்டும் இடைவெளியின்றி இருக்கிறதா, நீர் காய்ந்த வட்டம் இருக்கிறதா, பழுப்புப் புள்ளி உண்டா, மடிப்பில் கிழிசல் உண்டா. காகித உறை ஒருமுறை நனைந்தால் ஈரம் கிருமியை உள்ளே இழுத்துவிடும். பிறகு காய்ந்து பளிச்சென்று ஆனாலும் அது ஸ்டெரைல் அல்ல. ஆறு உறைகளில் இரண்டு தேறவில்லை. ஒன்றில் நீர்க்கறை. மற்றது ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியதால் விளிம்பில் அறுந்திருந்தது. ரப்பர் பேண்ட் நம் வெக்கையில் தானும் உருகி உறையிலும் ஒட்டும்; அடுக்குகளைப் பிரிக்க ஜிப் பை போதும். தேறாத இரண்டையும் எறியவில்லை. "வெளிக்கட்டு மட்டும்" என்று எழுதி, மேல் மெத்தையாகப் பயன்படும் பொருட்களோடு சேர்த்தாயிற்று. பஞ்சு உருண்டையும் அங்கேதான்; நார் ஒட்டும் என்பதால் திறந்த காயத்தின் மேல் அதை வைப்பதில்லை.

ஆல்கஹால் துடைப்பான் பொட்டலங்களில் 2027 நவம்பர். விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டினால் உள்ளே ஈரம் வழுக்கும். காய்ந்தது சரசரவென்று தாள்போல இருக்கும். இருபதில் ஏழு காய்ந்துவிட்டன, எல்லாம் பெட்டியின் ஓரத்தில் மடங்கிக் கிடந்தவை. மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத துளை விழும், 70 விழுக்காட்டு ஆல்கஹால் அதன் வழியே பறந்துவிடும். இனி நிமிர்த்தி, சிறு டப்பாவில் வரிசையாக. இதைக் காயத்துக்குள் தேய்ப்பதில்லை. முள் எடுக்கும் இடுக்கியைத் துடைக்கத்தான்.

கையுறை லேட்டெக்ஸ். பெட்டியிலிருந்து உருவும்போதே விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின, இழுத்ததும் கிழிந்தது. வெப்பத்தில் லேட்டெக்ஸின் முடிவு எப்போதும் இதுதான். நைட்ரைல் கையுறை நீண்ட நாள் தாங்கும், லேட்டெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஆகும். நான்கு ஜோடி வைத்தாயிற்று. கிரேப் பேண்டேஜ் மட்டும் தேறியது: இழுத்து விட்டதும் சுருங்கித் திரும்பியது. நீண்டபடியே நின்றிருந்தால் அதுவும் வெளியே.

திறந்த போத்தல்கள்

பொவிடோன் அயோடின் போத்தலில் அச்சுத் தேதி இன்னும் ஓராண்டு இருந்தது. ஆனால் அது திறக்காத போத்தலுக்கான தேதி. எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கழுத்தில் பழுப்புப் பொருக்கு, திரவம் வெளிறிய தேநீர் நிறம். கரும்பழுப்பு வெளுத்தால் அயோடின் தீர்ந்துகொண்டிருக்கிறது. பெரிய போத்தலை விட்டு 15 அல்லது 30 மில்லியாக வாங்கினால் கெடுவதற்குள் தீரும். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைப் பயன்படுத்தும் முன் ஃபார்மசிஸ்ட்டிடம் கேட்க வேண்டும். நம் பெரியவர்கள் நம்பும் மஞ்சள் நிற மருந்தான அக்ரிஃபிளேவினைப் பற்றியும் ஒரு வார்த்தை: காயத்தைச் சுற்றித் தோல் சிவக்கிறதா என்று பார்ப்பதுதான் அடுத்த இரண்டு நாள் வேலை, அந்த நிறம் அதை மறைத்துவிடும். சாதாரணச் சிராய்ப்புக்கு ஓடும் குழாய்த் தண்ணீர்தான் முதல் மருந்து.

சலைனைப் பொறுத்தவரை போத்தலே வேண்டாம். 20 மில்லி பிளாஸ்டிக் குப்பிகள் ஆறு போதும். ஒன்றை முறித்துத் திறந்தால் அந்த வேளைக்கே, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

இனி திறக்கும் எந்தப் போத்தலிலும் டியூபிலும் திறந்த நாளை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுவது. கண் சொட்டு மருந்து பெரும்பாலும் திறந்து நான்கு வாரம்தான். குழந்தைகளுக்கான பாரசிட்டமால் சிரப்புக்கு உறையில் வேறு சொல்லாவிட்டால் ஆறு மாதம் என்று கொள்ளலாம்.

இரண்டு சிரப், ஒரு கரண்டி

இந்தப் பெட்டியில் மிக ஆபத்தான விஷயம் கெட்டுப்போன எதுவுமில்லை. இரண்டு பாரசிட்டமால் சிரப் போத்தல்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, இரண்டிலும் ஸ்ட்ராபெரி படம். ஒன்று 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், மற்றது 5 மில்லிக்கு 250. இரண்டுமே நம் ஃபார்மசிகளில் சாதாரணமாகக் கிடைப்பவை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் இருபது கிலோ பையனுக்கு 300 மில்லிகிராம். 120 போத்தலில் அது 12.5 மில்லி. 250 போத்தலில் 6 மில்லி. நள்ளிரவில் "பன்னிரண்டரை மில்லி" என்ற நினைவோடு கை 250 போத்தலை எடுத்தால் உள்ளே போவது 625 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கும் மேல். ஓர் இரவு முழுதும் அதையே நான்கு வேளை கொடுத்தால் ஈரலுக்குக் கேடு. ஆகவே வீட்டில் ஒரே வலிமைதான் இருக்க வேண்டும். 250 போத்தல் திறந்து எட்டு மாதம் ஆகியிருந்ததால் முடிவு எளிது. 120 போத்தலில் "20 கிலோ: 12.5 மில்லி, குறைந்தது 4 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் இல்லை" என்று எழுதி ஒட்டி, மில்லி கோடு போட்ட சிரிஞ்சை ரப்பர் பேண்டுக்குப் பதிலாக டேப்பால் அதனோடு கட்டியாயிற்று. தேநீர்க் கரண்டி கணக்கில் சேராது. பையன் வளர்கிறவன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்து இந்தச் சீட்டை மாற்றி எழுத வேண்டும், சந்தேகமிருந்தால் ஃபார்மசிஸ்ட்டிடம் காட்டிச் சரிபார்க்கலாம்.

காய்ச்சல் என்றதும் இன்னொன்று. டெங்கி உலவும் ஊரில், காரணம் தெரியாத காய்ச்சலுக்கு இபுப்ரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் எதுவும் கூடாது. டெங்கியாக இருந்தால் இரத்தக்கசிவை அவை கூட்டும். பல்வலிக்குக் கொடுத்த மெஃபெனாமிக் மாத்திரை நம் வீடுகளில் கிடக்காத பெட்டியே இல்லை. இங்கும் ஓர் அட்டை இருந்தது. தேதி நன்றாகவே இருக்கிறது, அதனால் தனிப் பையில் சிவப்பு மார்க்கரால் "காய்ச்சலுக்கு அல்ல" என்று எழுதி வைத்தாயிற்று. மருத்துவர் பாட்டிக்குத் தினமும் ஆஸ்பிரின் எழுதியிருந்தால் அது அவருடைய சொந்த மருந்துப் பெட்டியில் இருக்க வேண்டியது. முதலுதவிப் பெட்டிக்குள் வரக் கூடாது.

வாய்வழி நீரேற்ற உப்புப் பொட்டலம் மூன்று இருந்தன. குலுக்கினால் மணல்போல ஓட வேண்டும். ஒன்று கட்டியாக இருந்தது, அழுத்தியும் பொடியாகவில்லை. ஈரம் உள்ளே போய்விட்டது. மற்ற இரண்டும் சரி. ஒவ்வொரு தயாரிப்பிலும் தண்ணீர் அளவு வேறு, ஆகவே உறையைப் படித்தே தீர வேண்டும். இது 250 மில்லிக்கானது. வீட்டுக் கோப்பைகள் எதுவும் 250 இல்லை. மினரல் வாட்டர் 500 மில்லி போத்தல் துல்லியமானது, அதற்கு இரண்டு பொட்டலம். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கு நிலைமை மோசமாகும். பழச்சாறிலோ ஐசோடோனிக் பானத்திலோ கலப்பதும் அதே தவறு. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை.

நிரப்புவது

ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்: நிறைந்த அளவு, அதற்குக் கீழே போனால் வாங்க வேண்டிய அளவு. பிளாஸ்டர் 20, பத்தாகும்போது வாங்கு. 10 சென்டிமீட்டர் காஸ் 6, நான்காகும்போது வாங்கு. நீரேற்ற உப்பு 6, நான்குக்குக் கீழே இறங்கக் கூடாது, ஏனென்றால் வயிற்றுப்போக்கு வந்தால் ஒரே இரவில் அத்தனையும் தீரும். இந்த எண்களை மூடியின் உள்பக்கம் ஒட்டிய அட்டையில் எழுதி, பக்கத்தில் நூலில் ஒரு பென்சில். எடுப்பவர் ஒரு கோடு போட்டால் போதும். கோடு போட மறப்பார்கள், எண்ணித்தான் ஆக வேண்டும்; ஆனாலும் எது வேகமாகத் தீர்கிறது என்பதைக் கோடுகள் காட்டிவிடும்.

ஃபார்மசியில் பணம் கட்டும் முன் தேதியைப் பாருங்கள். சலுகை விலைக் கூடையில் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் தேதிதான். மாதம் இரண்டு பயன்படுத்தும் வீட்டுக்கு நூறு பிளாஸ்டர் டப்பா மலிவு அல்ல. பாதி பசை ஓடிப் போகும். மருந்து என்றால் உறையில் MAL என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும். இரவுச் சந்தையில் விற்கும் வலி மாத்திரைப் புட்டியைத் திருப்பிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

புதியதைப் பின்னால் வை, பழையதை முன்னால். அட்டையின் தலைப்பில் அடுத்துக் காலாவதியாகும் பொருள் எது, எந்த மாதம் என்று ஒரே ஒரு வரி. இந்தப் பெட்டியில் அது "சலைன், 07/2026". அதே அட்டையில் 999, வழக்கமாகப் போகும் கிளினிக்கின் எண், தேசிய விஷ மையத்தின் 1-800-88-8099. அந்த மையம் இங்கேயே, பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. பையன் எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கும் முன் அழைக்க வேண்டிய எண்.

கழித்தவை

பிளாஸ்டர், காய்ந்த துடைப்பான், கையுறை எல்லாம் சாதாரணக் குப்பை. மாத்திரையையும் சிரப்பையும் கழிவறையிலோ தொட்டியிலோ கொட்டக் கூடாது. அரசு மருத்துவமனை, அரசு சுகாதாரக் கிளினிக் ஆகியவற்றின் மருந்துப் பிரிவில் பயன்படுத்தாத மருந்தைத் திரும்பப் பெறுகிறார்கள். மாத்திரையை அட்டையிலேயே, சிரப்பைப் போத்தலிலேயே, பெயர் இருக்கும் இடத்தை மட்டும் மார்க்கரால் அடித்துவிட்டுக் கொடுக்கலாம். போக முடியாதபோது, பயன்படுத்திய தேயிலைச் சக்கையோடு கலந்து, பையில் இறுகக் கட்டி, பையன் கை படாத குப்பைத் தொட்டியில்.

கடைசியாகத் தெர்மோமீட்டர். பட்டன் பேட்டரி மூடி திருகால் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை அரிக்கும் பொருள் அது. தன் அக்குளில் வைத்து அளந்து 36 சொச்சம் காட்டினால் சரி. கத்தரிக்கோலின் கீலில் துரு தொடங்கியிருந்தது. துடைத்து, ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டு, எண்ணெயை நன்றாகத் துடைத்தெடுத்த பிறகே காஸ் உறைகளுக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று.